தட்டு வந்த வழியும் வாடகை போன வழியும்

திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒண்டுக்குடித்தனங்கள் நிறைந்திருந்த காலத்தில், ஒரே வீட்டுக்குள் இரண்டு பாதைகள் இருந்தன. வாடகை வாசல் பக்கமாகப் போகும். மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் குடித்தனக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு, வாடகை நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன் கூடத்துக்குப் போவார். வீட்டுக்காரர் பணத்தை எண்ணி வாங்கி, நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். தண்ணீர் முறை, மின்சார மீட்டரில் யார் பங்கு எவ்வளவு, ஓடு மாற்ற வேண்டியது எப்போது என்பதெல்லாம் அந்தக் கூடத்திலேயே பேசி முடிந்துவிடும். பண்டிகைத் தட்டு போன வழி வேறு. அது முற்றத்தைத் தாண்டி, சமையலறைப் பக்கமாக, பெண்கள் கையில் போகும். பெரும்பாலும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வீட்டின் சின்னப் பெண்ணாக இருக்கும். மேலே ஒரு கைக்குட்டையோ வாழையிலைத் துண்டோ மூடியிருக்கும்.

இந்த இரண்டு பாதைகளும் கலக்காமல் பார்த்துக்கொள்ள யாரும் தனியாக முயற்சி செய்யவில்லை. இடம் வேறு, கை வேறு, நாள் வேறு. ஆண்கள் பேசுவது கூடத்தில், பெண்கள் பேசுவது அடுப்பங்கரையில். வாடகை பாக்கி இருக்கும் மாதத்திலும் தட்டு போகும். கூடத்தில் முகம் சுளித்த வீட்டுக்காரரின் மனைவி, சமையலறையில் அந்தத் தட்டைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார். பாக்கி விஷயம் அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் அதை அங்கே எடுக்க மாட்டார்.

இன்று அந்த இரண்டு பாதைகளும் கைப்பேசித் திரையில் ஒரே நூலாகிவிட்டன. வாடகை அனுப்பியதற்கான படம், மோட்டார் ஓடவில்லை என்ற புகார், குடிநீர் வரி ரசீது, பிளம்பரின் எண், அதற்குக் கீழே தீபாவளி வாழ்த்து. வீட்டுக்காரர் வாழ்த்தைப் படிக்கும்போது அவர் கண்ணில் மேலே இருக்கும் மற்றவையும் படுகின்றன. அன்று வீட்டின் அமைப்பு செய்து கொடுத்த பிரிவினையை, இன்று குடியிருப்பவர் தன் சொற்களாலும் நேரத்தாலும் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது.

அன்று வாழ்த்து எப்படிச் சொல்லப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். நேரில் பார்க்கும் இருவர் ஒருவருக்கொருவர் ‘தீபாவளி வாழ்த்துகள்’ என்று சொல்லிக்கொண்டது குறைவு. விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெளியே வந்தால் பிராமண வீடுகளில் ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ என்று கேட்பார்கள். பொங்கலன்று எல்லா வீடுகளிலும் ‘பால் பொங்கிச்சா?’ என்ற கேள்வி. இரண்டுமே விசாரிப்புகள். கேட்கிறவர் எதிரிலிருப்பவரின் வீட்டு நடப்பைக் கேட்கிறார். பதில் சொல்கிறவர் ‘ஆச்சு, உங்களுக்கு?’ என்று திருப்பிக் கேட்கிறார். வீட்டுக்காரர், குடித்தனக்காரர் என்ற மேடு பள்ளம் அந்தக் கேள்விக்குள் வரவில்லை. யார் முதலில் கேட்க வேண்டும் என்ற கணக்கும் இல்லை. கிணற்றடியில் யார் முதலில் பார்த்தாரோ அவர் கேட்டார்.

மரியாதை வயதைப் பார்த்து நடந்தது. புதுத் துணி உடுத்திய குடித்தனக் குழந்தைகள் வீட்டுக்காரப் பெரியவரின் காலில் விழுந்து எழுந்தால், அவர் ஒரு காசை எடுத்துக் கையில் வைப்பார். அதே வீட்டில் குடித்தனக்காரர் எழுபது வயதுக் கிழவராகவும் வீட்டுக்காரர் அப்பா விட்டுப்போன வீட்டை ஏற்றுக்கொண்ட இளைஞராகவும் இருந்தால், விழுந்து வணங்குவது இளைஞர்தான். மாதம் முழுவதும் வாடகை வாங்குகிற கை, அந்த ஒருநாள் காலையில் ஆசி வாங்கிக்கொள்ளும். சொத்து யாருடையது என்ற வரிசையைத் தள்ளி வைக்க அந்த வீட்டில் இருந்த வழிகளிலேயே இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இன்றைய குறுஞ்செய்தியில் இது முற்றிலும் காணாமல் போய்விட்டது. நாற்பது வயது வீட்டுக்காரருக்கு அறுபத்தைந்து வயதுக் குடியிருப்பவர் ‘வணக்கம் சார்’ என்று தொடங்கிச் செய்தி அனுப்புகிறார். பதிலாக அவருக்குக் கைகூப்பும் பொம்மை ஒன்று வருகிறது.

தட்டுக்கும் சில முறைகள் இருந்தன. தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. வாங்கிய வீட்டில் பலகாரம் தயாராக இல்லையென்றால் ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது, வெற்றிலை பாக்காவது வைத்துத்தான் கொடுப்பார்கள். இதனால் கொடுத்தவர் வாங்கியவர் கணக்கு அன்றே நேர்ப்பட்டுவிடும். பாக்கி என்று எதுவும் நிற்காது. வாடகைக்கும் தட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். வாடகை ஒரே பக்கமாகப் போகும், தட்டு போய்த் திரும்பும்.

அளவிலும் ஒரு நிதானம் உண்டு. வீட்டுக்காரர் வீட்டில் ஒரு இனிப்பும் ஒரு காரமும் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், குடித்தன வீட்டிலிருந்து ஐந்து வகை போட்டு அனுப்ப மாட்டார்கள். ‘நெய் மைசூர்பாகு செய்யற அளவுக்கு வசதி இருக்கே, வாடகையில பத்து ரூபாய் ஏத்தினா என்ன?’ என்ற நினைப்பை நாமே கிளப்பிவிடக் கூடாது என்பது மூத்த பெண்களின் எச்சரிக்கை. குறைத்துக் கொடுத்தாலும் மனத்தாங்கல். நான்கு முறுக்கு, இரண்டு அதிரசம், ஒரு வாழைப்பழம் என்ற அளவில் அது நின்றது.

அந்தக் காலத்தை நான் அழகாக மட்டும் வரைந்துவிட விரும்பவில்லை. எல்லோருடைய தட்டும் எல்லோருடைய சமையலறைக்குள்ளும் போகவில்லை. சாதி பார்த்துச் சமைத்த பண்டத்தை மறுத்த வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். அது தெரிந்த குடித்தனக்காரர்கள் பழமும் கற்கண்டும் மட்டும் அனுப்பித் தங்கள் அவமானத்தைத் தவிர்த்தார்கள். அவர்களைப் போன்றவர்களுக்கு வீடே தராத தெருக்களும் இருந்தன. இன்னொன்று, பண்டிகை வாரத்தில் குடித்தனப் பெண்கள் வீட்டுக்காரம்மாவின் முறுக்கைச் சுற்றிக் கொடுக்கவும் கொலுப்படி கட்டவும் எதிர்பார்க்கப்பட்டார்கள். மறுத்தால் மறுநாள் தண்ணீர் முறையில் அது தெரியும். தட்டு போன பாதையிலும் அதிகாரம் இருந்தது. வாடகை என்ற பெயரில் வரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் வேறு ஊரில் இருந்தால் தபால்தான் வழி. பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் கடைகளில் வாழ்த்து அட்டைகள் கயிற்றில் தொங்கும். கரும்பும் பானையும், ஜோடி மாடுகள், சாமி படங்கள், தலைவர்கள், சினிமா நட்சத்திரங்கள். வீட்டுக்காரருக்கு அனுப்பும் அட்டையில் நட்சத்திரம் இருக்காது. பானையோ சாமியோதான். உறையை ஒட்டாமல் மடிப்பைச் செருகி அனுப்பினால் தபால்தலைக் கட்டணம் குறைவு என்பதால் பெரும்பாலோர் அப்படியே அனுப்பினார்கள். அந்தக் குறைந்த கட்டணம் அச்சடித்த தாளுக்கு உரியது. உள்ளே கடிதம் எழுதக் கூடாது. அச்சிட்ட வாழ்த்துக்குக் கீழே பெயரும் ஊரும் மட்டும் எழுதுவார்கள். கூரை ஒழுகுவதைப் பற்றி எழுத நினைத்தாலும் அங்கே இடமில்லை. அதற்குத் தனியாக ஓர் உள்நாட்டுக் கடிதம் வாங்கி, தனியாக எழுதி, வேறொரு நாளில் பெட்டியில் போட வேண்டும். தபால் துறையின் கட்டண விதி, வாழ்த்தையும் வாடகையையும் பிரித்து வைக்கும் வேலையைத் தன்னையறியாமல் செய்து வந்தது.

பிணக்கு வந்த வீடுகளிலும் இந்தப் பிரிவினை தெரியும். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் குடித்தனக்காரர் முதலில் ஒரு வங்கிக் கணக்கைக் குறிப்பிடச் சொல்லி அறிவிப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் குறிப்பிடாவிட்டால், அனுப்பும் செலவைக் கழித்துக்கொண்டு மணியார்டரில் வாடகையை அனுப்ப முடிந்தது. அதையும் வாங்காவிட்டால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கட்ட முடிந்தது. மணியார்டர் படிவத்தின் அடியில் கிழித்துக் கொடுக்கும் துண்டு ஒன்று இருந்தது. செய்தி எழுத அதில் சிறிது இடம் இருக்கும். வெளியூரிலிருந்து அம்மாவுக்குப் பணம் அனுப்பும் மகன் அங்கேதான் பொங்கல் விசாரிப்பை எழுதுவான். வழக்கில் நிற்கும் குடித்தனக்காரர் அங்கே எந்த மாத வாடகை, எந்த வீடு என்பதை மட்டும் எழுதினார். அந்தத் துண்டு நாளை நீதிமன்றத்தில் காட்டப்படும் தாள் என்று அவருக்குத் தெரியும். அப்படி வழக்காடிக்கொண்டே, அதே தை மாதத்தில், தனியாக ஒரு பொங்கல் அட்டையும் அனுப்பியவர்கள் இருந்தார்கள். அதை நடிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழக்கு கட்டடத்தைப் பற்றியது, பொங்கல் இரண்டு குடும்பங்களைப் பற்றியது என்று அவர்கள் உண்மையாகவே நினைத்தார்கள்.

இனி இன்றைக்கு வருவோம்.

வீட்டுக்காரர் இன்று பெரும்பாலும் அதே கூரையின் கீழ் இல்லை. மகனோடு கோயம்புத்தூரிலோ மகளோடு டெக்சாஸிலோ இருக்கிறார். 2016-இல் யுபிஐ வந்ததற்குப் பிறகு வாடகை நோட்டும் போய்விட்டது. வாடகை வங்கியிலிருந்து வங்கிக்குப் போகிறது, அதன் படம் வாட்ஸப்புக்குப் போகிறது. 2019 பிப்ரவரி 22-இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றது. இரண்டு தரப்புக்கும் இது நல்லது. ஆனால் இதனால் எழுதுகிற ஒவ்வொரு வரியும் ஆவணமாகும் வாய்ப்பு கூடிவிட்டது. ‘தீபாவளி நல்வாழ்த்துகள் சார், இந்த மாதம் கொஞ்சம் லேட்டாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரே செய்தியில் எழுதினால், அது வாழ்த்தாகவும் நிற்காது, ஒழுங்கான அறிவிப்பாகவும் நிற்காது. வீட்டுக்காரர் அதில் படிப்பது கடைசிப் பாதியை மட்டும்தான். முதல் பாதி சலுகைக்காகப் போட்ட பூமாலையாக அவருக்குத் தோன்றும். பிரித்து அனுப்பியிருந்தால் இரண்டுமே அதனதன் மதிப்போடு போய்ச் சேர்ந்திருக்கும்.

நங்கநல்லூரில் ஒரு மாடிப் பகுதியில் குடியிருந்த குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். வாடகை ஐந்தாம் தேதி. 2021-இல் தீபாவளி நவம்பர் 4, வியாழக்கிழமை. அதாவது வாடகைக்கு முந்தின நாள். கொரோனாவின் பாதிப்பு தீராத ஆண்டு, வீட்டுத் தலைவருக்குச் சம்பளம் பத்தாம் தேதிக்குத்தான் வரும் என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். தீபாவளியன்று வாழ்த்தும் சொல்ல வேண்டும், வாடகை தாமதத்தையும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொள்ளும் நாள் அது.

அவர் நவம்பர் 1, திங்கட்கிழமை மாலை தொலைபேசியில் பேசினார். ‘ஐயா, இந்த மாசம் சம்பளம் பத்தாம் தேதிக்குத் தள்ளிப் போயிருக்கு. அஞ்சாம் தேதி பாதி அனுப்பிடறேன், மீதி பத்தாம் தேதி.’ தீபாவளி பற்றி அந்தப் பேச்சில் ஒரு வார்த்தையும் இல்லை. வீட்டுக்காரர் ‘சரிப்பா’ என்றார். பேசி முடித்ததைக் குடியிருப்பவர் ஒரு வரியில் செய்தியாகவும் அனுப்பி வைத்தார். வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்குப் போன செய்தி இது: ‘வணக்கம் ஐயா. உங்களுக்கும் அம்மாவுக்கும் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் தீபாவளி வாழ்த்துகள். வாசலில் கோலம் போட்டு விளக்கு ஏற்றினோம். அம்மா வைத்த செம்பருத்தி இந்த வாரம் நிறையப் பூத்திருக்கிறது.’ கீழே வீட்டில் இருப்பவர்களின் பெயர்கள். வாடகை என்ற சொல் இல்லை. ‘உங்கள் ஆதரவுக்கு நன்றி’ இல்லை. ‘உங்கள் பெருந்தன்மைக்கு’ இல்லை.

பதினொரு மணிக்குப் பதில் வந்தது. ‘உங்களுக்கும் வாழ்த்துகள். மீதி பத்தாம் தேதிதானே?’ இந்த இடத்தில்தான் பலருக்குத் தடுமாற்றம் வரும். வாழ்த்துக்குப் பதிலாக வாடகைக் கேள்வி வந்துவிட்டதே என்று மனம் சுருங்கும். பண்டிகை நாளில் பதில் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று தோன்றும். விடக் கூடாது. குடியிருப்பவர் தானாக அந்தப் பேச்சைத் தொடங்காமல் இருப்பதுதான் நாசூக்கு. வீட்டுக்காரர் தொடங்கிவிட்டால் உடனே, ஒரே வரியில் பதில் சொல்லிவிட வேண்டும். நங்கநல்லூர்க்காரர் ‘ஆமாம் ஐயா, பத்தாம் தேதி’ என்று எழுதினார். அதற்குக் கீழே விளக்கமோ வருத்தமோ சேர்க்கவில்லை. மறுநாள் பாதித் தொகை போனது. பணம் அனுப்பும்போது குறிப்பு எழுதும் கட்டத்தில் ‘நவம்பர் வாடகை, பாதி’ என்று மட்டும் இருந்தது. பத்தாம் தேதி மீதி. அந்தக் கட்டம் பழைய மணியார்டர் துண்டின் இன்றைய உருவம். அங்கே பட்டாசுப் பொம்மை போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

அந்த வாழ்த்தில் ஒரு வரியைக் கவனிக்க வேண்டும். செம்பருத்தி. அது வீட்டுக்காரம்மா நட்டது. தூரத்தில் இருக்கும் வீட்டுக்காரருக்கு அந்தக் கட்டடம் வருமானம் மட்டுமல்ல, தாங்கள் பல வருடம் பொங்கல் வைத்த வாசலும் அதுதான். அந்த வாசலில் இன்றும் கோலம் இருக்கிறது என்ற செய்தி அவரைக் குளிர்விக்கும். இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ‘வீட்டை நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம்’ என்று எழுதினால் அது அடுத்த ஆண்டு ஒப்பந்தத்துக்கான மனுவாகிவிடும். கோலத்தையும் பூவையும் சொல்லிவிட்டால் மற்றதை அவரே புரிந்துகொள்வார்.

கோலத்தின் படத்தையும் பலர் அனுப்புகிறார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் அனுப்புவதற்கு முன் படத்தின் ஓரங்களைப் பார்க்க வேண்டும். கோலத்துக்குப் பின்னால் ஈரம் ஏறிக் காரை உதிர்ந்த சுவர் தெரிந்தால், வாழ்த்து புகாராகப் படிக்கப்படும். தோரணம் கட்டப் புதிதாக அடித்த ஆணி தெரிந்தால், ‘கேட்காமல் ஆணி அடித்திருக்கிறார்கள்’ என்று கணக்கில் ஏறும். தரையோடு குனிந்து கோலத்தை மட்டும் எடுத்த படமே நல்லது.

அடுத்தது, ஃபார்வர்டு செய்யும் படங்கள். சுடரும் விளக்கு, உதிரும் மத்தாப்பு, கீழே ஆங்கிலத்திலும் தமிழிலும் வாழ்த்து. வாட்ஸப் அதன் தலையில் அம்புக்குறி போட்டு, இது வேறெங்கிருந்தோ வந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். நண்பர்களுக்கு அது பரவாயில்லை. வீட்டுக்காரருக்கு அது மரியாதைக் குறைவாகத் தெரியும். ஏனென்றால் வாடகைச் செய்திகளை நாம் அவருக்குச் சொந்தமாக எழுதுகிறோம். பண்டிகைக்கு மட்டும் கடன் வாங்கி அனுப்புகிறோம். இரண்டு வரி போதும், அவரை விளிக்கும் சொல்லோடு தட்டச்சு செய்தது. அந்த விளி நேரில் எதைச் சொல்லிக் கூப்பிடுகிறோமோ அதுவாகவே இருக்கட்டும். சார் என்றால் சார், அண்ணாச்சி என்றால் அண்ணாச்சி, மாமி என்றால் மாமி, பாய் என்றால் பாய். நேரில் ‘அண்ணாச்சி’ என்றவர் செய்தியில் திடீரென்று ‘மதிப்பிற்குரிய உரிமையாளர் அவர்களுக்கு’ என்று தொடங்கினால், ஏதோ நோட்டீஸ் வரப்போகிறது என்று அவர் நினைப்பார்.

வீட்டுக்காரர் வேறு சமயத்தவர் என்றால் முறை கொஞ்சம் மாறும். இராயப்பேட்டையிலோ திருவல்லிக்கேணியிலோ முஸ்லிம் வீட்டுக்காரர்களிடம் குடியிருந்த இந்துக் குடும்பங்களுக்கு இது பழைய பாடம். ரம்ஜானுக்கு அவர்கள் வீட்டிலிருந்து பிரியாணி வரும். சைவம் சாப்பிடும் குடித்தனம் என்றால் சேமியா பாயசம் தனியாக வரும். தீபாவளிக்கு இங்கிருந்து இனிப்பு போகும். யார் எதைச் சாப்பிடுவார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பழகியதால் தவறு நேரவில்லை. இன்று நாட்காட்டியில் சிவப்பாக இருக்கும் நாளெல்லாம் வாழ்த்து நாள் என்று எடுத்துக்கொள்வதால் சங்கடம் வருகிறது. முஹர்ரம் பத்தாம் நாள் பலருக்குத் துக்க நினைவு நாள். புனித வெள்ளி இயேசு சிலுவையில் உயிர் நீத்த நாள். கிறிஸ்தவ வீட்டுக்காரருக்கு அன்று வாழ்த்து அனுப்பினால் அவர் என்ன பதில் எழுதுவார்? இரண்டு நாள் பொறுத்தால் உயிர்த்த ஞாயிறு வந்துவிடும், வாழ்த்து அதற்கு உரியது. ரம்ஜானுக்குப் பிறை பார்த்து அறிவித்த பிறகு அனுப்புவது முறை. முந்தின நாளே அனுப்பிவிட்டுப் பிறை தெரியாமல் போனால், அவர்கள் நோன்பு இருக்கும் நாளில் நம் பெருநாள் வாழ்த்து போய் நிற்கும்.

இதைவிட நுட்பமானது துக்க வருடம். குடும்பத்தில் நெருங்கியவர் இறந்தால் ஓராண்டுக்குப் பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது இந்துக் குடும்பங்களில் வழக்கம். ஒரே வீட்டில் இருந்தபோது இது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டு வீட்டுக்காரர் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்து சற்று நேரம் பேசுவார்கள். இன்று வீட்டுக்காரரின் தாயார் ஆவணியில் இறந்ததை நாம் ‘வங்கிக் கணக்கு மாறுகிறது, இனி என் பெயருக்கு அனுப்புங்கள்’ என்ற செய்தியிலிருந்துதான் அரைகுறையாகத் தெரிந்துகொள்கிறோம். ஐப்பசியில் அவருக்கு மத்தாப்பு மின்னும் படம் போகிறது. தவிர்க்க வழி எளிது. அனுப்புவதற்கு முன் அந்த ஆண்டின் உரையாடலை மேலே தள்ளிப் பார்த்துவிடலாம். இழப்பு இருந்தால் வாழ்த்துக்குப் பதில் இப்படி எழுதலாம்: ‘வணக்கம் சார். அம்மா இல்லாத முதல் பண்டிகை. வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவை நாங்களும் நினைத்துக்கொண்டோம்.’ என் அனுபவத்தில், வீட்டுக்காரர்கள் அழைத்துப் பேசுவது இந்த மாதிரிச் செய்திக்குத்தான்.

பரிசு விஷயத்தில் அன்றைய அளவுக் கணக்கு இன்றும் செல்லும். உள்ளூரில் இருக்கும் வீட்டுக்காரருக்கு அரைக் கிலோ இனிப்புப் பெட்டி ஒன்று, முடிந்தால் வீட்டில் செய்த காரம். கூரியரில் வெள்ளிக் குத்துவிளக்கு அனுப்பினால், அது ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதமாகவும் இருந்துவிட்டால், அதை அன்பு என்று படிக்க வீட்டுக்காரர் மிகவும் நல்லவராக இருக்க வேண்டும். ஒப்பந்தம் தை மாதத்தில் முடிகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். புதுப்பிக்கும் பேச்சை மார்கழியிலேயே தொடங்கிவிடுவது நல்லது. பேச்சு முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தாலும் பொங்கல் வாழ்த்து வழக்கமான அளவில், வழக்கமான சொற்களில் போகட்டும். கடந்த ஆண்டு இரண்டு வரி எழுதியவர் இந்த ஆண்டு எட்டு வரி எழுதினாலும் காரணம் தெரிந்துவிடும், ஒன்றுமே எழுதாவிட்டாலும் காரணம் தெரிந்துவிடும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைய பிரிவினை தானாக நடந்தது. ஆனால் பெண்களும் குழந்தைகளும்தான் அதைச் சுமந்தார்கள். இன்று வாடகை அனுப்புகிறவரே வாழ்த்தையும் எழுதுகிறார். அதனால்தான் இரண்டும் கலக்கின்றன. சில வீடுகளில் இதற்குப் பழைய வழியையே புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வாடகை கணவரின் எண்ணிலிருந்து வீட்டுக்காரருக்குப் போகிறது. வாழ்த்து மனைவியின் எண்ணிலிருந்து வீட்டுக்காரம்மாவுக்குப் போகிறது. அந்த உரையாடலில் ரசீதுப் படங்கள் இல்லை. ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு, பேத்திக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது, கோலத்தின் படம், இவ்வளவுதான். மனைவியின் பெயரில் வீடு எடுத்து அவரே வாடகை கட்டும் குடும்பங்களில் இதே ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். தனியாக இருப்பவர்களுக்கு வழி, பண்டிகையன்று செய்தி எழுதாமல் இரண்டு நிமிடம் அழைத்துப் பேசுவது. குரலுக்கு மேலே பழைய ரசீது எதுவும் தெரியாது.

வீட்டைக் காலி செய்த பிறகு வரும் முதல் பண்டிகை தனி. அன்று ஒண்டுக்குடித்தனத்தை விட்டுப் போனவர்கள், அடுத்த தெருவில்தான் இருப்பார்கள் என்றால், பழைய வீட்டுக்கும் ஒரு தட்டோடு வருவார்கள். வீட்டுக்காரம்மா அவர்களை முன்னைவிட நெருக்கமாக உட்கார வைத்துப் பேசுவார். இன்று சாவியைக் கொடுத்ததும் உரையாடல் நின்றுவிடுகிறது, அல்லது முன்பணத்துக்காக மட்டும் நீள்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. அது வந்து சேர்வதற்குள் பண்டிகை வந்துவிட்டால், நாம் எவ்வளவு மனமாரச் சொன்னாலும் வாழ்த்து நினைவூட்டலாகவே படிக்கப்படும். அப்படிப்பட்ட நேரத்தில் முன்பணத்தைப் பற்றிப் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே தெளிவாக எழுதிக் கேட்டுவிட வேண்டும். பண்டிகையன்று வாழ்த்தை மட்டும் அனுப்பலாம், மறுவாரம் தேவைப்பட்டால் மீண்டும் கேட்கலாம். பணம் வந்து கணக்கு முடிந்த பிறகு வரும் பொங்கலுக்கு எந்தத் தயக்கமும் வேண்டாம். நங்கநல்லூர்க் குடும்பம் அந்த வீட்டை விட்டுத் தாம்பரத்துக்குப் போய்விட்டது. தையில் அவர்கள் அனுப்பும் ‘பால் பொங்கிச்சா ஐயா?’ என்ற கேள்விக்கு ஆசிரியர் இப்போது செய்தியில் பதில் எழுதுவதில்லை. அழைத்துவிடுகிறார், மாடியில் புதிதாக வந்தவர்கள் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை என்ற குறையை அவர்களிடம்தான் சொல்கிறார்.